திட்ட விலக்கம் குறைவாக இருந்தால் பாதுகாப்பான தொழிலா?

“முதலாவது திட்டத்தின் திட்ட விலக்கம் குறைவு. ஆகவே அதுவே பாதுகாப்பானது.”

மறுபடியும் ஒரு தொழில் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இந்த வரி. குன்னூரில் ஆடிட்டராக இருக்கும் எனக்கு இது மனப்பாடமே ஆகிவிட்டது. எழுதுகிறவர்கள் மாறுகிறார்கள், அட்டையின் நிறம் மாறுகிறது, இந்த வரி மட்டும் மாறுவதில்லை. இதை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த முறை வந்தவர்கள் கோத்தகிரிப் பக்கத்து அண்ணன் தம்பி. பூர்வீக வீட்டைச் சீர்செய்து சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் விட வேண்டும் என்கிறார் அண்ணன். சொந்தத் தோட்டத்துப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கிலோக் கணக்கில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சிறிய ஆலை ஒன்று வைத்து உயர்தரத் தூள் தயாரிக்க வேண்டும் என்கிறார் தம்பி. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. அடையாளம் தெரியாமலிருக்கவும் கணக்கு எளிதாக இருக்கவும் எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அறைகளுக்கு முதலீடு 30 லட்சம்; செலவு போக ஆண்டுக்குச் சராசரியாக 8 லட்சம் கையில் நிற்கும்; அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஒன்றரை லட்சம். ஆலைக்கு முதலீடு 50 லட்சம். ஆண்டுக்குச் சராசரி 15 லட்சம். திட்ட விலக்கம் 5 லட்சம். இரண்டுக்கும் ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிறகு மிஞ்சும் மதிப்பை இங்கே சேர்க்கவில்லை. வரப்போகும் பணத்தை ஆண்டுக்கு 7 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, முதலீட்டையும் கழித்தால் மிஞ்சும் நிகர தற்போதைய மதிப்பு, நாங்கள் வழக்கமாகச் சொல்லும் என்.பி.வி., அறைகளுக்குச் சராசரியாக 2.8 லட்சம், ஆலைக்கு 11.5 லட்சம்.

ஏன் 7 சதவீதம் என்று அண்ணன் கேட்டார். அவர்கள் கொண்டுவந்த அறிக்கையில் 12 போட்டிருந்தது, “ஆபத்துக்காகக் கூடுதல்” என்ற குறிப்புடன். ஆபத்தைத் திட்ட விலக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டு, கழிவு விகிதத்திலும் அதையே இன்னொரு முறை ஏற்றினால் ஒரே குற்றத்துக்கு இரண்டு அபராதம் விதித்தது போலாகும். 12 சதவீதத்தில் அறைகளின் சராசரி என்.பி.வி.யே மைனஸுக்குப் போய்விடுகிறது. திட்ட விலக்கத்தைத் தனியாகக் கணக்கிடப் போகிறோம் என்றால், பத்திரமான வைப்புத்தொகை தரும் அளவிலான விகிதத்தில் கழிப்பதே முறை.

இனி அந்த வரிக்கு வருவோம். அறிக்கைக்காரரின் முறையிலேயே, ஆனால் 7 சதவீதத்தில் போட்டால், என்.பி.வி.யின் திட்ட விலக்கம் அறைகளுக்குச் சுமார் 2.8 லட்சம், ஆலைக்கு 9.2 லட்சம். இரண்டே முக்கால் சிறியது, ஒன்பது பெரியது, தீர்ப்பு முடிந்தது!

திட்ட விலக்கம் ஒரு தொகை சராசரியைச் சுற்றி எவ்வளவு அலைகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தச் சராசரி எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. கோத்தகிரி மலைப்பாதையில் இறங்கும் இரண்டு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று ஓர் அடிதான் ஆடுகிறது, ஆனால் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஓர் அடியில் போகிறது. இன்னொன்று மூன்று அடி ஆடுகிறது, ஆனால் விளிம்பு நான்கு அடிக்கு அப்பால் இருக்கிறது. எதில் ஏறுவீர்கள்? ஆட்டத்தை மட்டும் அளந்துவிட்டு விளிம்பை அளக்காமல் விடுவதைத்தான் இந்த அறிக்கைகள் செய்கின்றன. இன்னும் நம்பவில்லை என்றால் ஆலையின் ஒவ்வொரு சாத்தியமான முடிவிலும் ஒரு கோடி ரூபாயைச் சும்மா கூட்டுங்கள். நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும், ஆனால் திட்ட விலக்கம் அதே 9.2 லட்சத்தில் நிற்கும். இதை வைத்தா பாதுகாப்பைச் சொல்வது?

ஆகவே சராசரியைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். ஆலைக்கு 11.5ஐ 9.2ஆல் வகுத்தால் 1.25. அதாவது பூஜ்ஜியத்தைத் தொட, சராசரியிலிருந்து ஒன்றேகால் திட்ட விலக்கம் கீழே விழ வேண்டும். அறைகளுக்கு ஏறக்குறைய 1 மட்டுமே. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால் என்.பி.வி. மைனஸாகும் வாய்ப்பு ஆலைக்குச் சுமார் 11 சதவீதம், அறைகளுக்கு 16 சதவீதம். “பாதுகாப்பானது” என்று முத்திரை குத்தப்பட்டதுதான் அதிகம் சறுக்கக்கூடியது. அட்டவணை கையில் இல்லாவிட்டால் எக்செல்லில் ஒரு வரி போதும். பூஜ்ஜியம், சராசரி, திட்ட விலக்கம் என்ற வரிசையில் கொடுங்கள்:

```
=NORM.DIST(0, 11.5, 9.2, TRUE)
```

தம்பி முகம் மலர்ந்தது. “அப்படியானால் ஆலைதானே சார்?”

அவசரப்பட வேண்டாம் என்றேன். 9.2 என்ற எண்ணே எனக்குச் சந்தேகம். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டோடு தொடர்பே இல்லாமல் தன் போக்கில் ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும். அப்போது ஒரு மோசமான ஆண்டை ஒரு நல்ல ஆண்டு ஈடுகட்டும். ஐந்து ஆண்டுகளின் ஆட்டத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம், தொகை சிறியதாக வரும். மாறாக, முதல் ஆண்டு சரிந்தால் ஐந்தும் அதே அளவு சரியும் என்று வைத்தால் ஆட்டங்களை நேராகக் கூட்ட வேண்டும். அப்போது ஆலையின் திட்ட விலக்கம் 20.5 லட்சம், மைனஸ் வாய்ப்பு 29 சதவீதம். தொழில் அதேதான், ஆண்டுக்கான எண்களும் அவையேதான். 11 சதவீதம் 29 ஆனதற்குக் காரணம், ஆண்டுகளுக்கு இடையிலான ஒட்டுறவு பற்றி யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

தேயிலையில் இந்தக் கேள்வியை நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் சரிந்த பச்சைத் தேயிலை விலை ஓராண்டில் எழுந்துவிடவில்லை. பல ஆண்டுகள் படுத்தே கிடந்தது. உயர்தரத் தூளுக்கும் இதுவே பொருந்தும். முதல் ஆண்டில் உங்கள் சரக்குக்கு ஆள் வரவில்லை என்றால் இரண்டாம் ஆண்டு திடீரென்று வரிசையில் நிற்கமாட்டார்கள். அறைகள் வேறு விதம். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் அந்தப் பருவம் போகும். அடுத்த மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வந்துவிடும். ஆனாலும் முழுக்க அப்படியென்றும் சொல்ல முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. இத்தகைய விதி ஒரு சீசனோடு போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எனவே இருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். “முதல் ஆண்டு நீங்கள் நினைத்ததைவிட ஒரு திட்ட விலக்கம் குறைவாக வந்துவிட்டது. இப்போது இரண்டாம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் எவ்வளவு குறைப்பீர்கள்?” தம்பி கொஞ்சம் யோசித்து, “ஐந்து லட்சம் குறைந்தால் அடுத்த வருடமும் மூன்று, மூன்றேகால் லட்சம் குறையும்” என்றார். அண்ணன் ஒன்றரைக்கு அரை லட்சத்துக்குச் சற்று மேல் என்றார். இதுதான் ஒட்டுறவு, தம்பியுடையதை 0.64 என்றும் அண்ணனுடையதை 0.36 என்றும் எடுத்துக்கொண்டேன்.

இதை வைத்து ஆலையின் 5 லட்ச ஆட்டத்தை, ஐந்து ஆண்டும் கூடவே வரும் 4 லட்சமாகவும், அந்தந்த ஆண்டோடு போகும் 3 லட்சமாகவும் பிரிக்கலாம். 4இன் வர்க்கமும் 3இன் வர்க்கமும் சேர்ந்தால் 5இன் வர்க்கம். நேராகக் கூட்டிப் பார்த்து 7 வருகிறதே என்று சண்டைக்கு வராதீர்கள். அறைகளின் ஒன்றரை லட்சம் இதே போல் 0.9, 1.2 என்று பிரிகிறது. கூடவே வரும் பகுதியை ஐந்து ஆண்டுக்கும் நேராகவும், போகிற பகுதியை வர்க்கமாகவும் கூட்டினால் என்.பி.வி.யின் திட்ட விலக்கம் ஆலைக்கு 17.3 லட்சம், அறைகளுக்கு 4.3 லட்சம். மைனஸ் வாய்ப்பு ஆலைக்கு 25 சதவீதம், அறைகளுக்கு 26. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் நாணயம் சுண்டிவிடலாமா? கூடாது. நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு எத்தனை முறை விழுவீர்கள் என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு ஆழம் என்று சொல்வதில்லை. பத்தில் ஒரு மோசமான நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியிலிருந்து 1.28 திட்ட விலக்கம் கீழே. அறைகளில் என்.பி.வி. மைனஸ் 2.7 லட்சம். ஆலையில் மைனஸ் 10.7 லட்சம். தொடக்கத்தில் நான் திட்டித் தீர்த்த திட்ட விலக்கம் இங்கே தன் வேலையைச் செய்கிறது: வாய்ப்புகள் சமமாக இருக்கும்போது, பள்ளத்தின் ஆழத்தைச் சொல்வது அதுதான்.

மைனஸ் என்றதும் போட்ட பணம் போய்விட்டது என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். அறைகள் ஆண்டுக்கு 7 லட்சம் கொடுத்தால் ஐந்து ஆண்டில் 35 லட்சம் கைக்கு வருகிறது, 30 லட்சம் மீண்டுவிடுகிறது, ஆனால் என்.பி.வி. மைனஸ். வங்கியில் போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது மட்டுமே அதன் பொருள். ஆலையின் 10.7 லட்சமும் அந்தக் கணக்கில்தான்.

இன்னொன்று. இயல்நிலைப் பரவல் இரு பக்கமும் சமமாகச் சாயும். அறைகள் அப்படி இல்லை. நிரம்பிய வீட்டில் இன்னொரு குடும்பத்தைத் தங்கவைக்க முடியாது. 2020 போல ஓர் ஆண்டு முழுக்கக் காலியாக இருக்க மட்டும் முடியும். மேலே தடுப்பு, கீழே தடுப்பில்லை. அண்ணனின் மைனஸ் 2.7 லட்சத்தைக் கொஞ்சம் ஆழமாகவே படியுங்கள்.

இருவருக்கும் நான் சொன்னது இதுதான். வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருப்பதைவிட 10 லட்சம் குறைந்தால் எந்தச் செலவை நிறுத்துவீர்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பதில் இல்லை என்றால் ஆலை இப்போது வேண்டாம். பதில் இருந்தால் 11.5 லட்சச் சராசரி சும்மா விடக்கூடிய தொகை அல்ல. தம்பிக்குத் தனியாக ஒன்று: அந்தக் கூடவே வரும் 4 லட்சத்தின் பெரும்பகுதி, தூளை யாராவது வாங்குவார்களா என்ற ஒற்றைச் சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள 50 லட்சம் தேவையில்லை. ஏற்கெனவே ஆலை வைத்திருக்கும் ஒருவரிடம் கூலி கொடுத்து ஒரு பருவத்து இலையைத் தூளாக்கி, விற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பில்களோடு திரும்பி வாருங்கள். அன்றைக்கு 4 என்ற எண்ணை அழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுவோம். அதுவரை அந்த அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் வையுங்கள், வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம்.