கொடுக்கல்-வாங்கல் தலைமை, உருமாற்றத் தலைமை: சொல் விளக்கம்

செய்த வேலைக்குப் பரிசு, தவறினால் கண்டிப்பு என்று நடத்துவது டிரான்சாக்ஷனல் தலைமை; கூட வேலை செய்பவர்களின் எண்ணத்தையே மாற்றி நடத்துவது டிரான்ஸ்ஃபர்மேஷனல் தலைமை. கல்வி நிர்வாகப் பாடத்தில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். பாடக்குறிப்புகளில் இவை பரிமாற்றத் தலைமை, மாற்றத் தலைமை என்று இருக்கும். இரண்டிலும் 'மாற்றம்' இருப்பதால் படிப்பவர் குழம்புகிறார். சிலர் 'மாற்றுத் தலைமை' என்றே எழுதிவிடுகிறார்கள். அது வேறொருவரைத் தலைவராக்குவதைக் குறிக்கும்.

டிரான்சாக்ஷனல் என்ற முதல் சொல்லின் வேர் லத்தீன். குறுக்கே, அப்பால் என்று பொருள்படும் 'டிரான்ஸ்' முன்னொட்டும், செலுத்து என்று பொருள்படும் 'அகெரே' வினையும் சேர்ந்தது; ஒரு காரியத்தைப் பேசி முடிப்பது என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்வதற்கு இதுவே பெயர். இதைக் 'கொடுக்கல்-வாங்கல்' என்ற நம் சொல் அப்படியே தருகிறது. இரண்டாவதில் உள்ள 'ஃபோர்மா' வடிவம், அதாவது உரு. ஆகவே உருமாற்றம். தலைமை என்பதிலேயே '-மை' இருப்பதால் தமிழ்நாட்டு வழக்குக்குத் 'தலைமைத்துவம்' தேவையில்லை. இலங்கையில் அதுவே வழக்கு.

இந்த வேறுபாட்டை 1978இல் விரிவாக வைத்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மக்கிரெகர் பர்ன்ஸ். அவர் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார். 1985இல் தலைமை பற்றி ஆராய்ந்த பெர்னார்ட் பாஸ் அதைத் திருத்தினார்: ஒரே தலைவரிடம் இரண்டும் இருக்கலாம், முதலாவதன்மேல்தான் இரண்டாவது வலுச் சேர்க்கிறது என்றார். ஒன்று கெட்டது, மற்றது நல்லது என்று எழுதும் கட்டுரைகள் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் முழுத் தேர்ச்சி காட்டும் ஆசிரியருக்குப் பாராட்டுச் சான்றிதழ், தேர்ச்சி குறைந்தால் விளக்கக் கடிதம் என்கிறார் தலைமையாசிரியர். இது கொடுக்கல்-வாங்கல். வேலை நடக்கும். ஆனால் சதவீதத்துக்குத்தான் பரிசு என்பதால், படிக்கத் திணறும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஆபத்து வரும். தேர்ச்சி கூடும்போது ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும் எண்ணிக்கை குறைகிறதா என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதே தலைமையாசிரியர் காலாண்டில் தோற்ற பத்துப் பேரின் விடைத்தாள்களை மேசையில் பரப்பி, "இவங்க எங்கே தடுமாறுறாங்க?" என்று ஆசிரியர்களிடமே கேட்டால்? கேள்வியையே வாசிக்கத் தெரியவில்லை என்பது வெளிப்படலாம். மாலையில் வாசிப்புக் குழுக்கள் அமைகின்றன; மிகவும் பின்தங்கிய குழுவை அவரே எடுக்கிறார். கணக்கு ஆசிரியரும் வாசிப்பைத் தன் பொறுப்பாக நினைக்கத் தொடங்கினால் அது உருமாற்றம். வெறும் உரையோடு நின்றால் அல்ல.

சத்துணவுக் கணக்கு, தேர்வறைப் பணி போன்றவற்றுக்குத் தெளிவான விதியும் கண்காணிப்பும் போதும். அங்கே உருமாற்றம் தேட வேண்டாம். வாசிப்புக் குழு உண்மையிலேயே வேரூன்றியதா என்பது அந்தத் தலைமையாசிரியர் மாறுதலில் போன அடுத்த பருவத்தில் தெரியும்: மாலை நாலரைக்கு அந்த வகுப்பறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?