வேலையை விடும்போது மிச்சமிருக்கும் லீவுக்கு எவ்வளவு வர வேண்டும்?

சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ராஜினாமா செய்தவர்கள் தங்கள் இறுதி செட்டில்மென்ட் தாளைக் கொண்டுவந்து காட்டும்போது நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: மாதச் சம்பளத்தை எத்தனையால் வகுத்திருக்கிறார்கள் என்பதை. எடுக்காத விடுப்பின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், பணம் குறைவது இந்த வகுத்தலில்தான்.

மாதச் சம்பளம் 33,000, மீதி லீவு 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,100, மொத்தம் 13,200. வாரம் ஐந்து நாள் வேலை, மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 1,500, மொத்தம் 18,000. அதே ஆள், அதே லீவு, 4,800 வித்தியாசம்.

எது சரி? நீங்கள் லீவு எடுத்தபோது சனி, ஞாயிறையும் சேர்த்துக் கழித்தார்களா என்று பாருங்கள். திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை போனபோது 6 நாள்தான் கழித்தார்கள் என்றால் உங்கள் லீவு வேலை நாள் கணக்கில் இருக்கிறது, சம்பளத்தையும் வேலை நாளால் வகுப்பதுதான் நியாயம். அந்த 12 நாளையும் ஒரு திங்கட்கிழமையில் தொடங்கி எடுத்திருந்தால் இரண்டு வாரம் தாண்டி செவ்வாய் வரை, அதாவது 16 நாள் வீட்டில் இருந்திருப்பீர்கள். அந்த 16 நாளுக்கும் சம்பளம் வந்திருக்கும், 30 நாள் கணக்கில் பார்த்தால்கூட 17,600. அப்புறம் எப்படி 13,200 போதும்?

வார விடுமுறையையும் சேர்த்துக் கழிக்கிற இடமென்றால் 30 சரிதான். ஆனால் சில நிறுவனங்கள் கடைசி மாதத்தின் நாட்களால் வகுக்கும், பிப்ரவரியில் 28, ஜனவரியில் 31 என்று. அதே 12 நாளுக்கு பிப்ரவரியில் விலகினால் சுமார் 14,143, ஜனவரியில் விலகினால் 12,774. விதியில் அப்படி எழுதியிருந்தால் நாம் செய்ய முடிவது விலகும் தேதியை யோசித்து வைப்பது மட்டும்தான்.

முழுச் சம்பளமா, அடிப்படைச் சம்பளம் மட்டுமா என்பதையும், எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதையும் உங்கள் ஊர்ச் சட்டமோ நியமன ஒப்பந்தமோ சொல்லியிருந்தால் அதுதான் முடிவு, என் கணக்கு அல்ல. எதுவும் சொல்லவில்லை என்றால் பழைய சம்பளச் சீட்டுகளில் சம்பளமில்லா விடுப்புக்குப் பிடித்த ஒரு மாதத்தைத் தேடி எடுங்கள். அங்கே ஒரு நாளுக்கு 1,500 பிடித்துவிட்டு இப்போது 1,100 கொடுக்கிறார்கள் என்றால், இரண்டு தாளையும் சேர்த்து வைத்து, செட்டில்மென்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் அதே கேள்வியைக் கேட்பது ரொம்பவே கஷ்டமாகிவிடும்.