‘சுத்தமான, சுவையான, தரமான’ பாட்டு இனி வேண்டாம்

போன வாரமும் ஒருவர் வந்தார். கொளத்தூர் பக்கம் மாவுக்கடை வைத்திருக்கும் அம்மா. தெருவில் ஆட்டோவில் ஓடவிட ஒரு பாட்டு வேண்டும் என்று, தானே எழுதிய பன்னிரண்டு வரியைக் கையில் கொடுத்தார். முதல் வரி, நான் பயந்தபடியே: ‘சுத்தமான மாவு, சுவையான மாவு, தரமான மாவு.’

சின்னக் கடைகளுக்கு விளம்பரப் பாட்டு எழுதுவது என் பிழைப்பு. எண்ணெய்க் கடை, பால் கடை, கறிக்கடை, பாத்திரக் கடை என்று யார் வந்தாலும் இந்த மூன்று வார்த்தையோடுதான் வருகிறார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வரியில் ‘மாவு’ என்பதை எடுத்துவிட்டு ‘எண்ணெய்’ என்று போடுங்கள். வரி அப்படியே பொருந்துகிறதா? அப்படியென்றால் அது உங்கள் கடையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் தன் மாவை அசுத்தமானது, சுமாரானது என்றா சொல்லப்போகிறார்? எல்லாரும் சொல்வதைக் காது வடிகட்டிவிடும். காசு கொடுத்து ஆட்டோ ஓட்டி, யாருக்கும் காதில் விழாத வார்த்தையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவானேன்?

‘நூறு சதவீதம்’ இன்னும் மோசம். உணவுப் பொருளுக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது, லேபிளுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து. சரி, அதை விடுங்கள். அந்த அம்மாவின் ஒன்பதாவது வரி, கேழ்வரகு மாவு சாப்பிட்டால் ‘சர்க்கரை நோய் ஓடிப்போகும்’ என்றது. உணவு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய அதே ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடமே இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். தெருக்கடையை யார் கேட்கப்போகிறார்கள் என்கிறீர்களா? பாட்டை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரின் மகன் வந்து கேட்பார்.

பத்தாவது வரி, ‘மூணு நாளும் புளிக்காது’. சென்னை வெயிலில்! வாங்கிப் போனவர் மறுநாள் புளித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, அதே வரியை உங்கள் கடை வாசலில் நின்று பாடிக் காட்டுவார். பாட்டு மனதில் நிற்க வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே?

பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கடையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். விடியற்காலையில் கிரைண்டர் போடுவாராம். சாயங்காலம் பொங்கி இட்லி ஊற்றப் பதமாக இருக்கும். மீந்ததை மறுநாள் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், ‘தோசைக்குத்தான் தம்பி, அதுக்கப்புறம் பணியாரம்’ என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. புளிப்பதை மறைக்கத்தானே அந்தப் பொய் வரி? புளிப்பையே பாட்டாக்கிவிட்டால் மறைக்க ஒன்றும் இல்லை. கடைப் பெயரைச் சொல்ல வேண்டாம், இங்கே ‘அக்கா கடை’ என்று வைத்துக்கொள்வோம்:

காலையில ஆட்டுன மாவு, அக்கா கடை மாவு!
இன்னிக்கு இட்லி, நாளைக்குத் தோசை,
மூணாம் நாளு பணியாரம்!
பிள்ளையார் கோயில் எதிரே, அக்கா கடை மாவு!

ஏன் நாலே வரி? கணக்கு இருக்கிறது. ஆட்டோ மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு நாலு மீட்டர் நகரும். உங்கள் வீட்டுக்கு நாற்பது மீட்டர் இந்தப் பக்கமும் நாற்பது மீட்டர் அந்தப் பக்கமும் பாட்டு தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் இருபது நொடி. நிமிடத்துக்கு 96 தாளத் தட்டு, வரிக்கு எட்டுத் தட்டு என்று வைத்தால் ஒரு வரி ஐந்து நொடி, நாலு வரி இருபது நொடி. பன்னிரண்டு வரி எழுதினால் எந்த வீட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதுவும் நடுவிலிருந்து. அதனால்தான் கடைப் பெயர் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருக்கிறது. எங்கே காதைக் கொடுத்தாலும் ஒருமுறை விழுந்துவிடும். போன் நம்பர் வேண்டாம். பத்து எண் ஒரு வரியை முழுங்கிவிடும், அடுப்படியில் நிற்பவர் பேனா தேடப்போவதில்லை. பிள்ளையார் கோயில் எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் மெட்டு. ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் வார்த்தையை மாற்றிப் போட்டுத் தரச் சொன்னார். முடியாது என்றேன். ‘ஏழு நொடி வரைக்கும் எடுக்கலாமாமே’ என்று யாரோ சொன்னதைச் சொன்னார். அப்படி ஒரு விதி 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. மெட்டுக்கு உரிமை, போட்டவர் இறந்து 60 ஆண்டு வரை இருக்கிறது. சட்டம் போகட்டும், கேட்பவர் வாயில் அந்தப் பழைய பாட்டின் வரிதான் வரும், உங்கள் மாவு வராது.

புது மெட்டிலும் ஒரு கண்ணி உண்டு. பாடிய பெண் நல்ல குரல்காரி. முதல் தடவை ‘அக்கா கடை’ என்பதில் ‘க’வை மேலே கொண்டுபோய் ஒரு இழு இழுத்தார். கேட்டால் ‘அக்கா காடை மாவு’. குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும். தெருவில் போகிற பாட்டில் அதைத் திருத்திக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. நீட்டம் விழுகிற இடத்தில் நெடிலை வையுங்கள். ‘மாவு’, ‘தோசை’, ‘பணியாரம்’ மூன்றிலும் தாராளமாக இழுக்க இடம் இருக்கிறது. ‘கடை’யை ஒரே தட்டில் முடித்துவிட வேண்டும். அதேபோல் ‘சாஃப்ட்டா வரும்’ என்ற வரியையும் எடுத்துவிட்டேன். ஆட்டோ மேலே கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரில் ‘ஸ’வும் ‘ஃப’வும் கரைந்துபோய் ‘ஆட்டா வரும்’ என்று கேட்கும். அரிசி மாவு விற்பவருக்கு அது தேவையா? ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டு ஓகே சொல்லாதீர்கள். அதே கூம்பில் போட்டு, தெருமுனையில் நின்று, விஷயம் தெரியாத ஒருவரிடம் என்ன கேட்டது என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, ‘சோடா போடாத மாவு’ என்று மட்டும் சேர்த்துக்கொடு தம்பி என்றார். நல்ல வரி, மெட்டுக்கும் பொருந்துகிறது. வருஷம் முழுக்கப் போடமாட்டீர்களா என்று கேட்டேன். மார்கழியில் மாவு பொங்காமல் அடம்பிடிக்கும், அப்போது மட்டும் ஒரு சிட்டிகை என்றார். மார்கழியிலும் ஆட்டோ ஓடும் அல்லவா? அந்த வரியைச் சேர்க்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ‘மத்த பதினோரு மாசத்துக்காவது போடலாமே’ என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே போனார்.

ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வாங்குங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலம் என்றால் 100 மீட்டருக்குள் சத்தமே கூடாது. மதியம் ரெண்டு மணிக்கு, கைக்குழந்தைகள் தூங்குகிற நேரத்தில், தயவுசெய்து வண்டியை நிறுத்திவைத்துவிட்டு டிரைவரைச் சாப்பிட அனுப்புங்கள். குழந்தையை எழுப்பிவிட்ட கடையில் எந்தத் தாயும் மாவு வாங்கமாட்டார்.