கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்: துள்ளுமாரி பற்றி ஒரு அனுபவம்

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு செம்மறிக் கிடை. ஜனவரியில் மக்காச்சோளம் அறுத்த காட்டில் ஆடுகளை மேய விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போது நான்கு குட்டிகள் செத்துக் கிடந்தன. "யாரோ விஷம் வச்சுட்டாங்க சார்" என்றார் கிடைக்காரர்.

நான் முதலில் மூக்கையும் ஆசனவாயையும்தான் பார்த்தேன். உறையாத கருத்த ரத்தம் வழிந்திருந்தால் அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயோ என்று சந்தேகப்பட வேண்டும், உடலைத் திறக்கவே கூடாது. இங்கே ரத்தம் இல்லை. செத்த நான்கும் மூன்று, நான்கு மாதக் குட்டிகள், கிடையிலேயே நன்றாகத் தேறியவை. துள்ளுமாரி என்ற எண்ணம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

துள்ளுமாரியை உண்டாக்கும் கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் டி வகை, ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். காட்டில் சிந்திய கதிரைக் குட்டி திடீரென்று நிறையத் தின்றால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்குகிறது. அதை உண்டு கிருமி பெருகி எப்சிலான் நச்சை விடுகிறது. நச்சு ரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும்போதுதான் ஆடு துள்ளி விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் சாகிறது. நிறையத் தின்கிற கொழுத்த குட்டி முதலில் போவது இதனால்தான்.

உடனே ஒரு குட்டியைத் திறந்தோம். இதயத்தைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் நீர் கோத்திருந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரைச் சோதனைப் பட்டையில் தொட்டேன், சர்க்கரை காட்டியது. சிறுநீரகம் கூழாக இருந்ததை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். செத்துச் சில மணி நேரம் கிடந்தால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் அப்படித்தான் ஆகும். உறுதிப்படுத்தச் சிறுகுடல் நீரைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதில் தேட வேண்டியது நச்சை. கிருமி இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

"ஜூன் மாசமே எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சே" என்றார் கிடைக்காரர். உண்மைதான், தாய் ஆடுகளுக்குப் போட்டிருந்தார். இந்தக் குட்டிகள் அப்புறம்தான் பிறந்தவை. தாயின் சீம்பாலில் வந்த பாதுகாப்பு சில வாரங்களில் தேய்ந்துபோகும். முதல்முறை ஊசி போடும் ஆட்டுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் மறு ஊசியும் வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் எதிர்ப்பு நிற்காது. அன்று எல்லாக் குட்டிகளுக்கும் போட்டோம், ஆனால் ஊசி வேலை செய்ய பத்து நாளாவது ஆகும். அதனால் ஆடுகளை அன்றே அந்தக் காட்டிலிருந்து வெளியேற்றி, வெறும் காய்ந்த தட்டையில் நிறுத்தினோம். மறுநாள் இன்னும் ஒரு குட்டி போனது, அதோடு நின்றது.

அறுப்புக் காட்டுக்குப் போவது முன்கூட்டியே தெரியும் என்பதால், அதற்கு ஒரு மாதம் முன்பே குட்டிகளுக்கு இரண்டு ஊசியும் முடிந்திருக்க வேண்டும். காட்டில் விடும் முதல் வாரம் காலையில் தட்டையோ வைக்கோலோ வயிறாரக் கொடுத்து, அரை மணி நேரம் மட்டும் மேய விட்டு, நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளாட்டில் இதே நோய் பல நேரம் ரத்தமும் சளியும் கலந்த கழிச்சலாக வரும், சிறுநீரில் சர்க்கரையும் எப்போதும் காட்டாது. ஊசியின் பாதுகாப்பும் செம்மறியைவிடக் குறைவு, சீக்கிரமே தேயும். அதனால் வருடம் ஒருமுறை போதாது, குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள்.