மெயில் வந்தது, மணி அடிக்கவில்லை

போன மாதம் அக்கா கூப்பிட்டு, "ஸ்கூல்ல இருந்து மெயில் அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வரலடா" என்றாள். மெயில் செயலியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்த கணமே பதினான்கு மெயில்கள் வரிசையாக நின்றன. அதுதான் துப்பு. மெயில் ஃபோனுக்கு எப்போதோ வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. திறந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்கியிருந்தால் கோளாறு வேறு: மெயிலைத் தானாக இறக்கும் சிங்க் நின்றிருக்கும், இல்லாவிட்டால் பேட்டரி சேமிப்பு செயலியைத் தூங்க வைத்திருக்கும்.

அவள் ஃபோன் அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆண்ட்ராய்டு 12இலிருந்து 13க்கு மாறியிருந்தது. 12 வரை ஒரு செயலியை நிறுவினாலே அறிவிப்பு காட்டும் உரிமையும் கூடவே வந்துவிடும். 2022இல் வந்த 13, கேமரா, மைக் போல இதற்கும் தனியாக அனுமதி கேட்க வைத்தது. அப்டேட்டுக்கு முன்பே இருந்த செயலிகளின் வாயை அது உடனே அடைத்துவிடாது. பழைய உரிமை பெரும்பாலும் தொடரும். ஆனால் அப்படித் தொடராத செயலி ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும்போது, அவசரத்தில் "Don't allow" மேல் விரல் பட்டால் கதை முடிந்தது. அக்காவுக்கு அப்படி ஏதோ வந்தது மட்டும் லேசாக நினைவிருந்தது. இரண்டு முறை மறுத்தால் அந்தப் பெட்டி மறுபடி வரவே வராது.

மறுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. புது மெயில் வந்ததும் சர்வர் ஃபோனுக்குத் தகவல் அனுப்புகிறது. ஃபோன் செயலியை எழுப்புகிறது. செயலி, அனுப்பியவர் பெயர், தலைப்பு எல்லாம் போட்டு ஓர் அறிவிப்பைத் தயாரித்து ஆண்ட்ராய்டிடம் கொடுக்கிறது. அது அனுமதியைப் பார்க்கிறது, இல்லையென்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது; அனுப்பியவருக்கும் தெரியாது.

சரி, திருப்பிக் கொண்டுவருவது எப்படி? செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து "App info" போய், "Notifications" உள்ளே மேலே இருக்கும் சுவிட்சைப் போடச் சொன்னேன். என் முகவரியிலிருந்து ஒரு மெயில் அனுப்பினேன். மேலிருந்து இழுத்துப் பார்த்தால் அறிவிப்பு இருந்தது, ஆனால் மணி அடிக்கவில்லை.

பெரிய சுவிட்சுக்குக் கீழே சின்னச் சின்ன சுவிட்சுகள் உண்டு. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒலி, அதிர்வு எல்லாம் தனி. மெயில் செயலியில் பெரும்பாலும் கணக்குக்கு ஒன்று இருக்கும். அக்காவுக்கு இரண்டு கணக்கு. பள்ளிக்குக் கொடுத்திருந்த முகவரியின் வரி "Silent" என்று கிடந்தது. அதை மாற்றினோம்.

இதற்குப் பிறகும் சில மெயில்களுக்கு மட்டும் மணி அடிக்காவிட்டால் செயலிக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் கணக்கின் அமைப்புகளில் "High priority only" என்றிருந்தால், அது முக்கியம் என்று நினைக்கும் மெயிலுக்குத்தான் அறிவிப்பு அனுப்பும். "All" என்று மாற்றிவிடலாம், விளம்பர மெயில் அதிகம் வராதவர் என்றால்.

அப்புறம் திரையை அணைத்து மேசையில் வைக்கச் சொல்லி இன்னொரு மெயில் அனுப்பினேன். மறுமுனையில் மணி சத்தம் எனக்கே கேட்டது.