இரண்டு மாதம் சைபர், மூன்றாம் மாதம் ஐயாயிரம்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் மாமி, 2025 ஜூன் மாதத்துக்கான கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு மாசமா சைபர் பில் வந்துண்டிருந்தது. இப்ப திடீர்னு ஐயாயிரத்துச் சொச்சம். ஏசியைக்கூட ராத்திரிதானேப்பா போடறோம்?" என்றார். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், அந்த மாதம் மட்டும் 750 யூனிட் என்று இருந்தது. ஏப்ரல், மே பில்களையும் எடுத்துவரச் சொன்னேன். இரண்டிலும் 150 யூனிட், பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ப்ராவிஷனல்', அதாவது உத்தேசம். அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் இருந்தது.

அந்தக் கட்டடத்தின் மீட்டர்களெல்லாம் தரைத்தளத்து கிரில் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் மார்ச் கடைசியில் காலி செய்து பூட்டிவிட்டார்கள். ரீடிங் எடுக்க வந்தவர் உள்ளே போக முடியவில்லை. அப்படி முடியாதபோது மின் நிறுவனம் முந்தைய பயன்பாட்டின் சராசரியை வைத்து உத்தேச பில் போடும். மாமியின் வீட்டுக்கு அந்தச் சராசரி, ஹீட்டரும் இல்லாமல் ஏசியும் இல்லாமல் போன வாரங்களின் கணக்கு. ஏப்ரல் முடிவதற்குள் டெல்லி கொதிக்கத் தொடங்கிவிட்டது. பில்லுக்கு அது தெரியவில்லை, மீட்டருக்குத் தெரிந்தது.

மீட்டர் மாதக்கணக்கு வைப்பதில்லை. கார் ஓடோமீட்டரைப் போல, பொருத்திய நாளிலிருந்து ஓடிய மொத்த யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போகும். யாரும் படிக்காவிட்டாலும் எண் ஏறும். எனவே உத்தேசம் குறைவாகப் போயிருந்தால், விடுபட்டதெல்லாம் அடுத்த உண்மையான ரீடிங்கில் ஒன்றாக வந்து விழும். மாமியின் மீட்டரில் மார்ச் முடிவில் 14,210. ஜூன் முடிவில் 15,260. ஓடியது 1,050 யூனிட். அதில் 300 முன்பே உத்தேசமாகப் பில் ஆகிவிட்டது, மீதி 750. இதுவரை தவறில்லை, அந்த யூனிட்டெல்லாம் அவர்கள் உபயோகித்ததுதான்.

தவறு அடுத்த படியில் வருகிறது. டெல்லியில் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, அதற்கு மேல் 800 வரை 6.50. மாதம் 200 வரை உபயோகித்தால், மானியத்துக்கு விண்ணப்பித்திருப்பவர்களுக்கு பில்லே கிடையாது. 201 முதல் 400 வரை பாதி மானியம், அதுவும் 800 ரூபாய் வரைதான். 400ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. அதாவது யூனிட் எந்த மாதத்தில் எழுதப்படுகிறதோ, அதைப் பொறுத்து விலையே மாறிவிடும்.

நிலையான கட்டணம், சர்சார்ஜ், வரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு யூனிட் கட்டணத்தை மட்டும் போட்டுப் பார்த்தோம். 750ஐ ஒரே மாதமாக எடுத்தால் 600, 900, 2,275 என்று மொத்தம் 3,775 ரூபாய், மானியம் இல்லை. அதே 1,050ஐ மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 350. ஒரு மாதத்துக்கு 600, 675 சேர்ந்து 1,275. பாதி மானியம் போக 637.50. மூன்று மாதத்துக்கு 1,912.50. ஏப்ரலுக்கும் மேக்கும் மாமி ஒன்றும் கட்டவில்லை என்பதையும் இதிலேயே சேர்த்தாயிற்று. அப்படியும் 1,862.50 ரூபாய் வித்தியாசம். மின்சாரம் ஒரு யூனிட்கூட அதிகமில்லை, மாதம் மாறியதற்கான விலை இது.

ஆகையால் திருத்தம் கேட்கும்போது "பில் ஜாஸ்தி" என்று எழுதினால் பயனில்லை. மீட்டர் சரியாக ஓடுகிறது என்று பதில் வந்து முடிந்துவிடும். கேட்க வேண்டியது வேறு: கடைசி உண்மையான ரீடிங் எந்தத் தேதி, இப்போதைய ரீடிங் எந்தத் தேதி, இரண்டுக்கும் இடையில் உள்ள யூனிட்டை அந்த நாட்களுக்குப் பகிர்ந்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ஸ்லாபும் மானியமும் தனியாகப் போட்டு, உத்தேச பில்களைக் கழித்துக் காட்டுங்கள் என்று. நிறையப் பேரின் பில்லை மென்பொருளே இப்படிப் பிரித்துவிடும். உங்களுடையதில் பிரித்திருக்கிறதா என்பதை பில்லில் 'இந்தத் தேதியிலிருந்து' என்ற இடத்தில் பாருங்கள். பழைய உண்மையான ரீடிங்கின் தேதி இருந்தால் நல்லது. போன மாத பில்லின் தேதி இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆதாரம் ஒரு போட்டோ. அதை எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எலக்ட்ரானிக் மீட்டரின் திரை சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்: வோல்டேஜ், கரண்ட், MD என்ற உச்ச லோடு, நடுவில் யூனிட். மாமியின் பையன் முதலில் அனுப்பிய படத்தில் 236.4 என்று இருந்தது, அது வோல்டேஜ். எண்ணுக்குப் பக்கத்தில் kWh என்று தெரியும் நொடியில் எடுக்க வேண்டும், மீட்டர் நம்பரும் அதே படத்தில் விழ வேண்டும். அந்த நம்பர் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பத்து மீட்டர் வரிசையாக இருக்கும் பலகையில் பக்கத்து வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நடக்கிற கதைதான்.

இந்தப் போட்டோவுக்குச் சட்டத்திலேயே மதிப்பு உண்டு. மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020இன்படி மீட்டரை அணுக முடியாதபோது, பதிவு செய்த மொபைலிலிருந்தோ மின்னஞ்சலிலோ நாம் ரீடிங் படமும் தேதியும் அனுப்பினால் நிறுவனம் உத்தேச பில் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் இரண்டு உத்தேச பில்களுக்கு மேலும் கூடாது.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இந்தத் தொல்லை போய்விடும் என்கிறார்கள். பாதி உண்மை. அதிலும் ஓடும் எண் அதேதான், அதைச் செல்பேசி வலையிலோ ரேடியோவிலோ அனுப்புகிறது. அடித்தளத்தில் சிக்னல் எட்டாவிட்டால் அங்கேயும் உத்தேசம், அங்கேயும் பாக்கி சேர்ந்து விழும். ஆனால் ஒரு நல்லது: ஒவ்வொரு நாள் ரீடிங்கும் நிறுவனத்திடம் இருக்கக்கூடும். அதே உரிமை விதிகளின் 2023 திருத்தம் நாளுக்கு ஒருமுறையாவது தூரத்திலிருந்து ரீடிங் எடுக்கச் சொல்கிறது. நாள்வாரிக் கணக்கைக் கேட்டு வாங்கினால் சராசரி போட வேண்டியதே இல்லை. மீட்டரே வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் 2024 திருத்தத்தின்படி, புகார் தந்த 5 நாளில் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, புகார் நடக்கும்போதே கடைசித் தேதி வந்துவிட்டால்? மாமிக்கு இதுதான் பயம், ஜூலை வெயிலில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று. மின்சாரச் சட்டம், 2003இன் 56(1) பிரிவு இங்கே உதவுகிறது. பில் தொகை முழுவதையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு முடியும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மாமி அந்தச் சராசரியைக் கட்டி, கடிதத்தில் 56(1) என்ற எண்ணையும் இரண்டு ரீடிங்கையும் எழுதி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டார். பதில் வராவிட்டால் அடுத்தது நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கும் மேல் மின்சார ஓம்பட்ஸ்மன். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் திருத்திய பில் வந்தது. 'இந்தத் தேதியிலிருந்து' என்ற இடத்தில் மார்ச் 31 என்று இருந்தது.