‘கொல்ல நினைக்கவில்லை’ என்றால் கொலை இல்லையா?

கொலை வழக்கில் சிக்கியவரின் குடும்பத்தார் அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: “ஒரே அடிதான் ஐயா, கொல்லணும்னு நினைக்கவே இல்ல.” சட்டத் தேர்வு எழுதும் பிள்ளைகளும் இதையே வேறு வார்த்தைகளில் எழுதுகிறார்கள். கொல்லும் நோக்கம் இல்லை, ஆகவே இது கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்று முடித்துவிடுகிறார்கள். இந்த ஒரு தவறான எண்ணத்தால் ஒரு வழக்கின் போக்கே மாறிவிடும்.

ஒரு சின்ன கணக்கை எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது வரப்பில் வாய்த்தகராறு. அண்ணன் தம்பியைக் கன்னத்தில் அறைகிறார். மண்வெட்டியோடு வேலை செய்துகொண்டிருந்த தம்பி, அதன் காம்புப் பக்கத்தால் அண்ணன் தலையில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். மூன்றாம் நாள் மருத்துவமனையில் அண்ணன் இறக்கிறார். மண்டையோடு உடைந்து உள்ளே ரத்தம் கட்டியிருந்தது, இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயம் என்கிறது பிரேதப் பரிசோதனை.

இங்கே எடுத்த எடுப்பில் ‘திடீர் சண்டை’ என்று, கொலையைக் குறைந்த குற்றமாக இறக்கும் விதிவிலக்குக்குத் தாவக் கூடாது. முதலில் இது கொலையின் இலக்கணத்துக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 300) நான்கு வழிகளைச் சொல்கிறது. கொல்லும் நோக்கம் அதில் ஒன்று மட்டும்தான். நடைமுறையில் அடிக்கடி வருவது மூன்றாவது வழி: ஒரு காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்து, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதாக இருப்பது.

1958ல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. காயம் ஒன்று உண்டா, அது எப்படிப்பட்டது, அந்தக் காயத்தைத்தான் ஏற்படுத்த நினைத்தாரா (தற்செயலாகவோ வேறொன்றை நினைத்தோ அல்ல), இவை மூன்றும் நிரூபணமான பிறகு அது மரணத்துக்குப் போதுமானதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியில் குற்றவாளியின் மனசுக்கு வேலையே இல்லை. அது மருத்துவமும் தர்க்கமும் சேர்ந்து சொல்லும் பதில். ஒரே குத்துதான் என்றாலும் கொலை என்றே முடிவானது.

நம் கணக்கில் தம்பி தலையைத்தான் குறிவைத்தார், ஓங்கித்தான் அடித்தார். மூன்றாவது வழி பொருந்துகிறது. அப்புறம்தான் விதிவிலக்கு. திடீர் சண்டை விதிவிலக்குக்கு முன்திட்டம் இருக்கக் கூடாது. திடீரென மூண்ட தகராறில் ஆத்திரத்தில் நடந்திருக்க வேண்டும். அநியாயமாகச் சாதகம் எடுத்துக்கொண்டோ கொடூரமாகவோ நடந்திருக்கக் கூடாது. யார் முதலில் கை வைத்தார் என்பது முக்கியமில்லை. தம்பி ஆயுதம் தேடிப் போகவில்லை, வேலை செய்த கருவி கையில் இருந்தது, ஒரு அடியோடு நிறுத்தினார். எனவே கொலை என்பது கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தலாக இறங்குகிறது. ஆனால் காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்ததால் 105ஆம் பிரிவின் முதல் பகுதியே பொருந்தும்: ஆயுள் சிறை, அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. நோக்கம் இல்லாமல் ‘இதனால் சாவு நேரலாம்’ என்ற அறிவு மட்டும் இருந்தால்தான் இரண்டாம் பகுதி, அதிகபட்சம் 10 ஆண்டு. 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய சட்டத்தின் 304தான் வரும், அதில் 5 ஆண்டு என்ற கீழ் வரம்பு கிடையாது.

சரி, ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். அறை வாங்கிய தம்பி வீட்டுக்குப் போய், அரைமணி நேரம் கழித்து அரிவாளோடு வந்து வெட்டுகிறார். விதிவிலக்கைத் தாங்கிப் பிடிப்பது சிரமம். கீழே விழுந்து கிடந்தவரை மேலும் இரண்டு அடி அடித்தாலும் சாதகம் எடுத்ததாகிவிடும். ‘நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்ற வாதம் மட்டும் எந்த வடிவத்திலும் உதவாது. தக்க சிகிச்சையால் காப்பாற்றியிருக்க முடியும் என்றாலும், காயத்தை உண்டாக்கியவரே மரணத்தை விளைவித்தவர் என்று சட்டமே விளக்கம் தருகிறது.

கடினமானது கால், தொடைக் காயங்கள்தான். அடிதடியில் கத்தி தொடையில் பட்டு, பெரிய ரத்தக் குழாய் அறுந்து சாவு நேர்கிறது. காயம் மரணத்துக்குப் போதுமானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காயத்தைத்தான் நினைத்தாரா? 1968ல் ஹர்ஜிந்தர் சிங் வழக்கில், சண்டையின் நடுவே குனிந்திருந்தவரின் தொடையில் குத்து விழுந்தது. அந்த இடத்தைக் குறிவைத்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் தண்டனை 304ன் முதல் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, அடிபட்டவர் அந்த நொடியில் நின்றாரா, குனிந்தாரா, திரும்பினாரா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.